ஓனர் எழுதி அனுப்பிய பாக்கிச் சீட்டு: அட்வான்சில் எது கழியும், எது கழியாது?

கேள்வி

சென்னையில் மூன்று போர்ஷன் உள்ள ஒரு வீட்டின் மாடியில் மூன்று வருடம் குடியிருந்தோம். கீழே ஓனர், பின்பக்கம் இன்னொரு குடும்பம். வாடகை 14,000, அட்வான்ஸ் 70,000. 2025 ஜூன் 28 அன்று காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டோம். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதித்தோம். மீதியைக் கேட்டதற்கு, "பில்லெல்லாம் வரட்டும்மா" என்றார். நாற்பது நாள் கழித்து ஒரு நோட்டுத் தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்:

ஜூலை ஈ.பி. பில் 3,258
போன நவம்பர் ஈ.பி. பாக்கி 1,805
ஈ.பி. டெபாசிட் 1,460
மோட்டார் கரண்ட் பங்கு, ஆறு பில் 2,400
மெட்ரோ வாட்டர், மூன்று அரையாண்டு 3,900
தண்ணீர் லாரி, எட்டு லோடில் பங்கு 4,000
ஆக மொத்தம் 16,823

"மீதி 39,177 போட்டுவிடுகிறேன். கணக்கு தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்கிறார்.

கிளம்பும் அன்று மீட்டரைப் படம் எடுத்தேன், 18,650 காட்டியது. மே 12 ரீடிங் 18,240. நாங்கள் எரித்தது 410 யூனிட், அதற்கு 1,238 ரூபாய்தான் வருகிறது. நாங்கள் போன பிறகு அங்கே டைல்ஸ் வேலை நடந்தது. ஜூலை 14-இல் எடுத்த ரீடிங் 18,880. நவம்பர் பில்லைக் கட்டிய ஞாபகம், ரசீது கிடைக்கவில்லை. மோட்டார் கரண்ட்டுக்குக் கடைசி ஒரு வருடம் அவர் பணமே கேட்கவில்லை. லாரி இந்தக் கோடையில் ஐந்துதான் வந்தது, ஒன்றுக்கு நானே டிரைவர் கையில் 1,500 கொடுத்தேன்.

2022-இல் போட்ட 11 மாத அக்ரிமென்ட். பதிவு செய்யவில்லை, பிறகு புதுப்பிக்கவும் இல்லை. "மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் வாடகைதாரர் பொறுப்பு; பொது மோட்டார் மின்கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு" என்று அதில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கியதே சட்டவிரோதம், ஒரு மாதத்துக்குள் திருப்பித் தராததால் அவர் எதையும் கழிக்க முடியாது என்கிறாள் என் தோழி. 39,177-ஐ வாங்கினால் மிச்சத்துக்கு உரிமை போய்விடுமா?

— பெயர் வெளியிட வேண்டாம், சென்னை

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அவசரமானது அதுதான். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்தைப் போடாதீர்கள். 39,177 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டியது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அந்தத் தொகையில் தகராறே இல்லை. அதை வாங்குவதால் மிச்சத்தின் மேல் உள்ள உரிமை போகாது. ஆனால் "கணக்கு தீர்ந்தது, இனி பாக்கி ஏதுமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கதை வேறு. தனக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுக்கொடுக்க ஒருவருக்கு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவு இடம் தருகிறது. அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு, நீங்கள் அப்படித்தான் விட்டுக்கொடுத்தீர்கள் என்று அவர் சொல்லலாம். அப்புறம் "கட்டாயத்தில் போட்டேன்" என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

அவர் பணம் போட்டவுடன், அதே நாளில், அதே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "39,177 ரூபாய் வந்தது. அட்வான்ஸ் பாக்கியில் ஒரு பகுதியாக இதைப் பெற்றுக்கொள்கிறேன். கழித்த தொகையில் எனக்கு ஆட்சேபம் உண்டு, விவரம் தனியாக அனுப்புகிறேன்." இது போதும். கையெழுத்து இல்லாமல் போட மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், 39,177 மட்டும் பெற்றுக்கொண்டதாக ரசீது எழுதிக் கொடுங்கள். அதில் "முழுமையாக", "தீர்வாக", "இனி பாக்கியில்லை" என்ற சொற்கள் வரக்கூடாது.

தோழி சொன்ன இரண்டு விஷயங்கள்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம். அட்வான்ஸ் பற்றி அதில் பேசுவது 11-வது பிரிவு. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவே "மாறான ஒப்பந்தம் இருந்தால் ஒழிய" என்றுதான் ஆரம்பிக்கிறது. ஐந்து மாதம் என்று நீங்கள் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். காலி செய்த பிறகு இதைக் கிளறுவதில் உங்களுக்கு ஒரு ரூபாய் லாபமும் இல்லை. விட்டுவிடுங்கள்.

ஒரு மாதக் கெடுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். கெடு திருப்பித் தருவதற்குத்தான். கெடு தாண்டிவிட்டது என்பதற்காக நீங்கள் எரித்த கரண்ட்டின் பாக்கி மறைந்துவிடாது. அவர் தாமதித்தது தவறு, பேச்சுவார்த்தையில் அதை நீங்கள் சொல்லிக் காட்டலாம், அவ்வளவுதான். "ஒன்றுமே கழிக்க முடியாது" என்று ஆரம்பித்தால் நியாயமாகக் கழிக்க வேண்டியதையும் மறுப்பவர் ஆகிவிடுவீர்கள். அந்த இடத்திலிருந்து சமரசம் பேசுவது கஷ்டம்.

அக்ரிமென்ட் 11 மாதத்தில் முடிந்துபோனதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதன் பிறகும் அதே வாடகையைக் கொடுத்து, அவரும் வாங்கிக்கொண்டு, நீங்கள் குடியிருந்திருக்கிறீர்கள். பழைய நிபந்தனைகளே தொடர்ந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். கரண்ட்டும் தண்ணீரும் பற்றி அதில் எழுதியிருப்பது இருவரையும் கட்டும். உங்களுக்குச் சாதகமான இடத்திலும் கட்டும், பாதகமான இடத்திலும் கட்டும். மோட்டார் கணக்குக்கு வரும்போது இது தெரியும்.

ஜூலை பில்: 3,258-உம் இல்லை, 1,238-உம் இல்லை

அவர் சீட்டில் உங்களுக்கு அதிகம் கோபம் வந்திருப்பது இந்த வரியில்தான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நியாயமான கோபம். மே 12 முதல் ஜூலை 14 வரை 63 நாள். அதில் நீங்கள் இருந்தது 47 நாள், 410 யூனிட். மிச்சம் 16 நாளில் 230 யூனிட் ஓடியிருக்கிறது. டைல்ஸ் வெட்டும் மெஷின் சும்மா ஓடாது. அந்த 230-ஐ உங்கள் தலையில் கட்டுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் அந்த மீட்டர் படம் ஆயிரம் வாதத்துக்குச் சமம்.

ஆனால் 1,238 என்று நீங்கள் போட்ட கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் ஓனர் சொல்வார், அப்போது நீங்கள் திணறுவீர்கள்.

நம் ஊரில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், படிப்படியாக ஏறும் விலை. உங்கள் பில் வந்த 2025 ஜூலையில் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, அடுத்த 200-க்கு 4.70, அதற்குமேல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்ற படியே காணாமல் போய்விடும். 101-இலிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்குமேல் 501 முதல் 8.40, 601 முதல் 9.45. 640 யூனிட்டுக்கு இப்படித்தான் 3,258 வருகிறது. அவர் கூட்டியது தப்பில்லை. ஆளைத்தான் தப்பாகப் பிடித்திருக்கிறார்.

நீங்கள் 410-ஐ மட்டும் தனியாகக் கணக்கிடும்போது என்ன நடக்கிறது? இரண்டு மாதத்துக்கான 100 யூனிட் இலவசத்தையும், மலிவான படிகளையும் 47 நாளிலேயே முழுசாக எடுத்துக்கொள்கிறீர்கள். அடுத்த 16 நாளுக்கு இருந்தவருக்கு 8.40, 9.45 என்ற உச்சிப் படிகள் மட்டும் மிஞ்சுகின்றன. இன்னொன்று, 47 நாளில் 410 என்ற வேகத்தில் நீங்களே 63 நாளும் இருந்திருந்தால் 550 யூனிட் பக்கம் போயிருக்கும். அப்போதும் 500-ஐத் தாண்டியிருப்பீர்கள். டைல்ஸ் வேலை இல்லாவிட்டாலும் 1,238 என்ற விகிதம் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

எனவே நான் சொல்லும் வழி, பில்லை யூனிட் விகிதத்தில் பிரிப்பது. 3,258-இல் 640-க்கு 410 பங்கு, அதாவது 2,087 ரூபாய். இதை எந்த நடுவரிடமும் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். 1,238-இல் நின்று அடம்பிடிக்கலாம், சட்டம் உங்களைத் தடுக்காது. ஆனால் 849 ரூபாய் வித்தியாசத்துக்காக மற்ற வரிகளில் கிடைக்க வேண்டிய பெரிய தொகை இழுபறியில் மாட்டக்கூடாது.

நவம்பர் பாக்கி என்று ஒன்று இருக்க முடியுமா?

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் பில்லைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், திரும்பக் கொடுக்கத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். நவம்பர் பில் கட்டப்படாமல் இருந்து, ஜனவரி, மார்ச், மே என்று நீங்கள் நிம்மதியாக மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்பது நடக்கிற காரியமில்லை. ஆக, அந்த 1,805 ரூபாயை யாரோ கட்டியாகிவிட்டது. கேள்வி ஒன்றுதான்: கட்டியது நீங்களா, அவரா?

மின்வாரிய இணையதளத்தில் உங்கள் போர்ஷனின் சர்வீஸ் நம்பரைப் போட்டால் பழைய ரீடிங், தொகை, கட்டிய தேதி எல்லாம் வரும். ஆனால் "கட்டியாகிவிட்டது" என்று திரையில் பார்த்ததும் ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். யார் பாக்கெட்டிலிருந்து போனது என்று அது சொல்லாது. அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு உங்கள் வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட்டையும், பணம் செலுத்தும் ஆப்பின் பழைய பட்டியலையும், உங்கள் கணவருடையதையும் சேர்த்து, அந்த நாளை ஒட்டித் தேடுங்கள். 1,805 என்ற அதே தொகை ஏதாவது ஒன்றில் நிற்கும். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கிடைக்கவே இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம். கழிப்பவர்தான் கணக்குக் காட்ட வேண்டும். "நான் கட்டினேன்" என்றால் அவருடைய ரசீதையோ வங்கிப் பதிவையோ அனுப்பட்டும். அனுப்பினால் கொடுத்துவிடுங்கள், நிஜமாகவே நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு வந்த ஒரு விவகாரத்தில் குடியிருந்தவர் ரசீது இல்லை, இல்லை என்று மூன்று வாரம் சண்டை போட்டார். கடைசியில் பார்த்தால் அந்த மாதம் ஊரில் இருந்த மாமனார் கட்டியிருந்தார், அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

ஈ.பி. டெபாசிட்: இது அவருடைய பணம்

1,460 ரூபாய் என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் பலரும் கவனிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். பில்லோடு சேர்ந்து வருவதால் அதுவும் பில் என்றே நினைத்துவிடுகிறோம். வீட்டில் மின் பயன்பாடு கூடியிருந்தால், முன்பு கட்டிய வைப்புத்தொகை போதாது, கூடுதலாக இவ்வளவு கட்டுங்கள் என்று மின்வாரியம் கேட்கும். அது கட்டணம் இல்லை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் வாரியத்தில் நிற்கும் டெபாசிட். அதற்கு வட்டியும் அவர் கணக்கில்தான் சேரும். நாளைக்கு இணைப்பை ஒப்படைத்தால் பணம் அவருக்குத்தான் திரும்பும்.

"நீங்கள் அதிகம் எரித்ததால்தானே கேட்டார்கள்" என்று அவர் சொல்லக்கூடும். இருக்கலாம். அப்படியும் அது அவர் சொத்தாகவே வாரியத்தில் இருக்கிறது. அடுத்து வரும் குடித்தனத்துக்கும் அதே டெபாசிட்தான் உதவப் போகிறது. உங்கள் அக்ரிமென்ட்டில் டெபாசிட்டை நீங்கள் கட்ட வேண்டும் என்று எதுவும் இல்லை. இந்த வரியை முழுசாக மறுத்துவிடுங்கள். பில்லின் நகலைக் கேட்டு வாங்கி, 1,460 என்பது கூடுதல் வைப்புத்தொகை என்று அதிலேயே எழுதியிருப்பதை அவருக்குக் காட்டினால் போதும். வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் அதைப் பில் என்றே எண்ணியிருப்பார்.

மோட்டார் கரண்ட்: இது உங்கள் பக்கம் பாக்கி

இங்கே நான் ஓனர் பக்கம். ஒரு வருடமாகக் கேட்கவில்லை என்பதால் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு என்று எழுத்தில் இருக்கிறது, தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறியிருக்கிறது, நீங்கள் குளித்திருக்கிறீர்கள். கொடுக்க வேண்டியதுதான். இது போன்ற பாக்கியைக் கேட்க மூன்று வருடம் வரை காலம் உண்டு.

ஆனால் 2,400 என்பது பார்த்தாலே உருண்டையான தொகை. ஆறு பில், பில்லுக்கு 400 என்று கண்ணளவாகப் போட்டது போலத் தெரிகிறது. பொது மோட்டாருக்குத் தனி மீட்டர் இருந்தால் அதற்குத் தனி சர்வீஸ் நம்பர் இருக்கும். பெரும்பாலும் மீட்டர் பெட்டி மேலேயே பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். பின்போர்ஷன் குடும்பத்தாரிடம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்து ஆறு பில்லின் தொகையையும் இணையத்தில் பார்த்து, கூட்டி, மூன்றால் வகுங்கள். வந்த தொகை 2,400-க்குக் குறைவாக இருந்தால் அதைக் கொடுங்கள். கூட வந்தால்? அவர் கேட்டது 2,400, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆறாவது பில் ஜூலையில் முடிந்தது என்றால் அதில் ஜூன் 28 வரைக்கும்தான் உங்கள் பங்கு என்பதையும் மறக்காதீர்கள். மோட்டார் மீட்டரை அன்று நீங்கள் படம் எடுக்கவில்லை, அதனால் இங்கே நாள் கணக்கில் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

மெட்ரோ வாட்டர் பில்லில் இரண்டு வரி இருக்கும்

சென்னைக் குடிநீர் வாரியம் அரையாண்டுக் கணக்கில் கேட்பதில் இரண்டு சமாச்சாரம் கலந்திருக்கும். ஒன்று குடிநீர், கழிவுநீர் வரி. இது வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம், சொத்துவரியைப் போலவே வீட்டின் மேல் விழுவது. வீட்டில் ஆள் இருந்தாலும் பூட்டிக் கிடந்தாலும் வரும். இன்னொன்று குடிநீர்க் கட்டணம். மீட்டர் இல்லாத வீடுகளுக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை, வரியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சின்னது.

உங்கள் அக்ரிமென்ட்டில் "தண்ணீர்க் கட்டணம்" என்றுதான் இருக்கிறது, "வரி" என்று இல்லை. அரையாண்டுக்கு 1,300 என்று அவர் போட்டிருப்பதில் பெரும்பகுதி வரியாக இருக்கும் என்பது என் ஊகம். அது மூன்று போர்ஷனுக்கும் சேர்ந்த வரியா, உங்கள் பங்கா என்றும் சீட்டில் இல்லை. பில்லைக் கேளுங்கள். கட்டணம் என்ற வரியில் உங்கள் போர்ஷனுக்கு எவ்வளவோ அதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசி அரையாண்டு ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பரில் முடிவது. அதில் நீங்கள் இருந்தது மூன்று மாதம், ஆகவே அந்தக் கட்டணத்திலும் பாதிதான் உங்களுடையது.

லாரிக் கணக்கை நீங்களே பாதி போட்டுவிட்டீர்கள். லோடு 1,500 என்றால் ஐந்து லோடு 7,500, உங்கள் மூன்றில் ஒரு பங்கு 2,500. ஒன்றுக்கு நீங்களே முழுசாக 1,500 கொடுத்ததால் மிச்சம் 1,000. எட்டு என்று அவர் சொன்னால் தேதி சொல்லட்டும். மெட்ரோ வாட்டர் லாரி என்றால் பதிவு செய்த குறுஞ்செய்தி அவர் போனில் இருக்கும். தனியார் லாரி என்றால் சீட்டு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். அப்படி இல்லையென்றால் பின்போர்ஷன்காரர்கள் எத்தனை லோடுக்குப் பங்கு கொடுத்தார்கள் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். டைல்ஸ் வேலைக்கு ஜூலையில் வந்த லாரியும் இந்த எட்டில் சேர்ந்திருக்க வாய்ப்பு இருக்கிறது.

எழுதி அனுப்ப வேண்டியது

இவ்வளவையும் போனில் பேசாதீர்கள். பேசினால் குரல் உயரும், கணக்கு நிற்காது. அவர் அனுப்பிய சீட்டின் வரிசையிலேயே பதில் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். ஜூலை ஈ.பி. பில்லில் நாங்கள் பயன்படுத்திய 410 யூனிட்டுக்கு உரிய 2,087 ரூபாயை ஒப்புக்கொள்கிறேன். ஜூன் 28 மீட்டர் படம் இணைத்துள்ளேன். நவம்பர் பில்லை நீங்கள் கட்டியிருந்தால் ரசீதை அனுப்பவும், பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்கிறேன். ஈ.பி. டெபாசிட் 1,460 உங்கள் பெயரில் வாரியத்தில் இருப்பது, அதை ஏற்க இயலாது. மோட்டார் பங்கைத் தருகிறேன். ஆறு பில்லின் விவரம் வரும்வரை உங்கள் கணக்குப்படி 2,400 என்றே வைத்துக்கொள்வோம், குறைந்தால் திருத்திக்கொள்ளலாம். மெட்ரோ வாட்டரில் வரி நீங்கலாகக் கட்டணம் மட்டும் என் பொறுப்பு, பில் நகல் அனுப்பவும். லாரி ஐந்து லோடுக்கு, நான் கொடுத்த 1,500 போக, 1,000 ஒப்புக்கொள்கிறேன். இதன்படி கழிக்க வேண்டியது 5,487 ரூபாயும் தண்ணீர்க் கட்டணமும். பெயின்ட் 14,000 போக 50,513 ரூபாயில் தண்ணீர்க் கட்டணத்தை மட்டும் கழித்து 15 நாளுக்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்."

முதலில் 39,177 வந்துவிட்டால் கடைசி வரியை மாற்றி, மீதம் 11,336 ரூபாய் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அதையே தாளில் அச்செடுத்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பிவையுங்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இந்தக் கட்டத்தில் இறங்கி வந்துவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வரிவரியாகப் பதில் வந்தால் கண்ணளவில் போட்ட தொகையைக் காப்பாற்றுவது யாருக்கும் கடினம்.

இறங்கி வராவிட்டால்

அக்ரிமென்ட்டை வாடகை ஆணையத்தில் பதிவு செய்திருந்தால் அந்தச் சட்டத்தின் வழியிலேயே போயிருக்கலாம். பதிவு இல்லாததை வைத்துக்கொண்டு அங்கே போவது சிக்கல். உரிமையியல் நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்குப் போடலாம், அதற்கு மூன்று வருடம் காலம் இருக்கிறது. ஆனால் 11,000 சொச்சத்துக்கு நீதிமன்றக் கட்டணமும் வக்கீல் கட்டணமும் நடைச்செலவும் போட்டால் என்ன மிஞ்சும்? வக்கீலாக இருந்துகொண்டு நானே சொல்கிறேன், முதலில் அங்கே போகாதீர்கள்.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அதனால் மனுவை உங்கள் கணவர் பெயரில் போடாமல் உங்கள் பெயரில் போடுங்கள். அக்ரிமென்ட்டில் வாடகைதாரராகக் கணவர் பெயர் மட்டும் இருந்தால் இது சரிப்படாது, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே சமரசம் ஆகி லோக் அதாலத்தில் தீர்ப்பாகப் பதிவாகிவிட்டால், அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. அதனால் அங்கேயும் தொகையைச் சரிபார்த்த பிறகே கையெழுத்து.

"போலீசில் சொல்வேன்", "ஈ.பி. ஆபீசில் உங்கள் பெயரை எழுதிக் கொடுப்பேன்" என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். இது பணக் கணக்கு, சிவில் விவகாரம். மின் இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது, வாரியத்துக்கும் உங்களுக்கும் நேரடிக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. உங்கள் புது வீட்டு இணைப்பில் பழைய வீட்டின் பாக்கி வந்து ஏறாது.

கடைசியாக அந்த மீட்டர் படம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்துக்குள் பதிந்திருக்கும் தேதியும் நேரமும் கழன்றுவிடும். அதனால் போனில் உள்ள அசல் படத்தை அழித்துவிடாதீர்கள், இன்றே மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு இணைப்புக் கோப்பாக அனுப்பி வையுங்கள். படத்தில் எண்ணோடு சேர்த்து சர்வீஸ் நம்பரும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், அந்த மீட்டரின் இன்னொரு படத்தைப் பின்போர்ஷன்காரர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் முகப்பில் அச்சிட்ட வரிசை எண் இரண்டு படத்திலும் ஒன்றாக இருந்தால், "அது வேறு மீட்டர்" என்று அவர் சொல்ல முடியாது.